விற்பனைக் குழுவுக்கு ஓகேஆர் எழுதுவதும், அது உண்மையிலேயே அளக்கக்கூடியதா என்று சோதிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் டீமுக்கு ஏற்கெனவே டார்கெட் இருக்கிறது. அதற்கு மேல் ஓகேஆர் எதற்கு?

டார்கெட் எவ்வளவு விற்க வேண்டும் என்று சொல்லும். அந்த அளவை எட்ட, விற்கும் முறையில் இந்தக் காலாண்டில் எதை மாற்றப்போகிறோம் என்பதை அது சொல்லாது. ஓகேஆர், அதாவது Objectives and Key Results, அதைச் சொல்வதற்காக இருக்கிறது. மேலே ஒரு நோக்கம், அதன் கீழே இரண்டோ மூன்றோ கீ ரிசல்ட். நோக்கம் எந்தப் பக்கம் போகிறோம் என்பதைக் காட்டும். போய்ச் சேர்ந்தோமா என்பதைக் கீ ரிசல்ட் காட்டும்.

1970-களில் இன்டெல்லில் ஆண்டி க்ரோவ் உருவாக்கிய முறை இது. அங்கே வேலை பார்த்த ஜான் டோர் 1999-ல் இதைக் கூகுளுக்குக் கொண்டுபோனார். காலாண்டு முடிந்ததும் வாக்குவாதம் இல்லாமல் 'ஆயிற்று' அல்லது 'ஆகவில்லை' என்று சொல்ல முடிய வேண்டும் என்பதில் க்ரோவ் உறுதியாக இருந்தார். விற்பனைக் குழுக்களில் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்கல் நடக்கிறது. கீ ரிசல்ட்டில் எண் இருக்கும், ஆனால் அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதில் ஆளுக்கொரு எண்ணம் இருக்கும்.

டார்கெட்டையே அப்படியே எடுத்துக் கீ ரிசல்ட் என்று எழுதினால் ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். அதற்கு ஓகேஆர் தேவையில்லை.

நோக்கத்தை எப்படி எழுதுவது? அதிலும் எண் வேண்டுமா?

வேண்டாம். எண் கீழே வரட்டும். நோக்கம் ஒரே வாக்கியமாக, குழுவில் யார் படித்தாலும் 'சரி, அப்படியானால் நான் இதை விட்டுவிட்டு அதைச் செய்ய வேண்டும்' என்று புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே கற்பனைக் குழுவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஐந்து பேர். நடுத்தர நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருளை ஆண்டுச் சந்தாவாக விற்கிறார்கள். 'விற்பனையில் சிறந்து விளங்குவது' என்று அவர்கள் நோக்கம் எழுதினால் அது எந்த வேலையையும் மாற்றாது. 'டிஸ்கவுண்ட்டைக் காட்டி இழுக்காமல், முடிவெடுப்பவரிடம் நேரடியாகப் பேசி டீலை ஜெயிப்பது' என்று எழுதினால் திங்கட்கிழமை காலையிலேயே வேலை மாறும். யாரைக் கூட்டத்துக்கு அழைப்பது, எப்போது விலையைப் பற்றிப் பேசுவது எல்லாம் அதில் அடங்கிவிடுகிறது.

'வெற்றி விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்த்துவது' என்று எழுதியிருக்கிறோம். எண் இருக்கிறதே, அப்போது இது அளக்கக்கூடியதுதானே?

எண் இருப்பது மட்டும் போதாது. நம் உதாரணக் குழுவின் சென்ற காலாண்டுப் பதிவுகளைப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் புதிதாகத் திறந்த டீல்கள் 120. அதே மூன்று மாதத்தில் முடிவுக்கு வந்த டீல்கள் 90. அதில் ஜெயித்தவை 27, தோற்றவை 63. முடிவுக்கு வந்தவற்றில் பல, அதற்கு முந்தைய காலாண்டில் திறந்தவை. புதிதாகத் திறந்த 120-ல் இதுவரை ஜெயித்தவை 16.

இப்போது மூன்று பேரை வெற்றி விகிதம் எவ்வளவு என்று கேட்டால் மூன்று பதில் வரும். ஒருவர் 27-ஐ 90-ஆல் வகுத்து 30 சதவீதம் என்பார். இன்னொருவர் 27-ஐ 120-ஆல் வகுத்து 22.5 சதவீதம் என்பார். மூன்றாமவர், இந்தக் காலாண்டில் திறந்த டீல்கள் என்ன ஆயின என்றுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, 16-ஐ 120-ஆல் வகுத்து 13.3 சதவீதம் என்பார். முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் நியாயம் இருக்கிறது. முதல் கணக்கு உடனே கிடைக்கும், ஆனால் பழைய வேலையின் பலனும் அதில் கலந்திருக்கும். மூன்றாவது கணக்கு சுத்தமானது, ஆனால் திறந்த டீல்கள் எல்லாம் முடியும்வரை அந்த எண் ஏறிக்கொண்டே இருக்கும். காலாண்டு முடியும் நாளில் உண்மையான பதில் கிடைக்காது. இரண்டாவதை மட்டும் நான் ஒதுக்கிவிடுவேன். அதில் மேலே இருக்கும் டீல்கள் ஒரு கூட்டம், கீழே இருப்பவை வேறொரு கூட்டம். லீட் குறைந்த காலாண்டில் யாரும் எதுவும் செய்யாமலேயே அந்த விகிதம் உயர்ந்துவிடும்.

ஆக, 35 சதவீதம் என்று எழுதியதோடு வேலை முடியவில்லை. எந்த டீல்கள் மேலே, எந்த டீல்கள் கீழே, எந்தத் தேதியை வைத்து என்ற மூன்றையும் கீ ரிசல்ட்டுக்குக் கீழேயே எழுத வேண்டும். சந்தாவைப் புதுப்பிக்கும் டீல்கள் சேருமா, ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு முறை திறந்த டீலை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதையும் அங்கேயே தீர்த்துவிடுங்கள். பிறகு தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எண் மோசமாக வரும் காலாண்டில்தான் அந்தப் பேச்சு எழும். அப்போது யாராலும் நடுநிலையாகப் பேச முடியாது.

சரி, சோதிப்பது எப்படி?

நான் நம்புவது ஒரே ஒரு சோதனையை. எழுதிய கீ ரிசல்ட்டையும் அதன் வரையறையையும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் விற்பனைக் குழுவில் இருப்பவர், மற்றவர் வெளியே இருப்பவர்; கணக்குப் பிரிவிலோ விற்பனை நிர்வாகத்திலோ யாராவது. இருவரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் கேட்காமல், சென்ற காலாண்டுக்கான எண்ணை, டீல்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான சிஆர்எம்மிலிருந்து எடுத்துத் தரட்டும்.

இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் வரையறை தெளிவாக இருக்கிறது. வேறுபட்டால் எந்த டீலில் பிரிந்தார்கள் என்று வரிசை வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் நான்கைந்து டீல்களில்தான் இருக்கும், அந்த டீல்களே வரையறையில் எந்த வரி விடுபட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்த வரியைச் சேர்த்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

எண்ணே எடுக்க முடியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். இதற்குப் பொதுவான காரணம் தேதி. 'டெமோ முடிந்து எத்தனை நாளில் கொட்டேஷன் போனது' என்று அளக்க விரும்புவீர்கள், ஆனால் சிஆர்எம்மில் டீல் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் இருக்கும். எந்தத் தேதியில் அந்தக் கட்டத்துக்கு மாறியது என்பது பதிவாகியிருக்காது. அப்படியானால் இந்தக் காலாண்டில் அந்தக் கீ ரிசல்ட்டை எழுதாதீர்கள். தேதியைப் பதியத் தொடங்குங்கள், அடுத்த காலாண்டில் எழுதலாம். தொடக்க எண் தெரியாமல் 'பாதியாகக் குறைப்போம்' என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

இருவருடைய எண்ணும் ஒத்துப்போன பிறகும் ஒரு சரிபார்ப்பு பாக்கி. இரண்டு பேரும் ஒரே தவறான பதிவிலிருந்து ஒரே தவறான எண்ணை எடுத்திருக்கலாம். அதனால் பத்து டீல்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, சிஆர்எம்மில் இருப்பது உண்மைதானா என்று மின்னஞ்சலையும் காலண்டர் அழைப்பையும் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பொருந்தவில்லை என்றாலே பதியும் பழக்கத்தை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இந்தக் கணக்கை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட முடியுமா?

முடியும். முதல் கணக்கை எடுத்துக்கொள்வோம். D பத்தியில் டீலின் நிலை, E பத்தியில் முடிவுக்கு வந்த தேதி, H1-ல் காலாண்டின் முதல் நாள், H2-ல் கடைசி நாள்.

```
J1: =COUNTIFS(D:D,"Won",E:E,">="&H1,E:E,"<"&H2+1)
J2: =COUNTIFS(D:D,"Lost",E:E,">="&H1,E:E,"<"&H2+1)
J3: =J1/(J1+J2)
```

இதில் `"<"&H2+1` என்று இருப்பதைக் கவனியுங்கள். `"<="&H2` என்று போடத்தான் கை போகும். ஆனால் சிஆர்எம்மிலிருந்து இறக்கிய தேதியோடு நேரமும் சேர்ந்து வந்திருந்தால், கடைசி நாள் நள்ளிரவுக்குப் பிறகு முடிந்த டீல்கள் எல்லாம், அதாவது அந்த நாள் முழுவதும், கணக்கிலிருந்து விழுந்துவிடும். விற்பனையில் கடைசி நாளன்று எத்தனை டீல் முடியும் என்று உங்களுக்கே தெரியும். இருவருடைய எண் ஒத்துப்போகவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

30-லிருந்து 35 போதுமான முன்னேற்றமா?

90 டீல்களில் 30 சதவீதம் என்றால் 27. 35 சதவீதத்தைத் தொட 32 டீல் வேண்டும். வித்தியாசம் வெறும் ஐந்து டீல்.

குழு எதையுமே மாற்றவில்லை, உண்மையான வெற்றி வாய்ப்பு அதே 30 சதவீதம்தான் என்று வையுங்கள். அப்போதும் 90 டீல்களில் ஜெயிப்பது எப்போதும் சரியாக 27 ஆக இருக்காது. நாலைந்து மேலே கீழே தள்ளாடும். தற்செயலாகவே 32-ஐத் தொட ஏறத்தாழ ஏழில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதேபோல் நிஜமாகவே முன்னேறிய குழு துரதிர்ஷ்டத்தால் 29-இல் நின்றுபோகவும் முடியும். இப்படியொரு எண்ணை வைத்துக் குழு மாறியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

தள்ளாட்டத்தை மதிப்பிட ஒரு எளிய சூத்திரம் உண்டு. p என்பது விகிதம், n என்பது டீல்களின் எண்ணிக்கை:

```
=SQRT(p*(1-p)/n)
```

0.3-ம் 90-ம் போட்டால் 0.048, அதாவது ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளி. நீங்கள் வைத்த முன்னேற்றமும் 5 புள்ளிதான். குறைந்தது அதைப்போல் இரு மடங்காவது முன்னேற்றம் வைக்க முடிந்தால்தான் ஒரு காலாண்டில் ஏதாவது தெரியும். 40 சதவீதம் எட்டாத உயரம் என்று தோன்றினால், வெற்றி விகிதத்தை இரண்டு மூன்று காலாண்டு சேர்த்துப் பாருங்கள். இந்தக் காலாண்டுக்கு வேறு அளவை எடுங்கள்.

எங்கள் டீல் ஒன்று முடிய நான்கு மாதம் ஆகிறது. மூன்று மாத ஓகேஆரில் என்ன வைப்பது?

அப்படியானால் இந்தக் காலாண்டில் கையெழுத்தாகும் டீல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பைப்லைனில் இருப்பவை. இன்று தொடங்கும் மாற்றத்தின் பலன் அடுத்த காலாண்டில்தான் தெரியும். நல்ல வேலை செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணும், எதுவும் செய்யாதவர்களுக்கு நல்ல எண்ணும் இந்த இடைவெளியால்தான் வருகிறது.

டீலின் முன்பாதியில் ஒரு கட்டத்தைப் பிடியுங்கள். நம் குழுவில் முதல் அழைப்பிலிருந்து டெமோவுக்கு மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டால், டெமோவை ஒட்டி நடப்பவை எல்லாம் அதே காலாண்டுக்குள் தெரிந்துவிடும். அந்தக் கட்டம் உண்மையிலேயே வெற்றியோடு தொடர்புடையதா என்பதையும் பழைய பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவெடுப்பவர் வந்த டெமோக்களும் வராத டெமோக்களும் கடைசியில் ஒரே அளவில்தான் ஜெயித்திருக்கின்றன என்றால், அதை அளந்து பயனில்லை.

முழுதாக எழுதிய ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

நம் குழு சென்ற காலாண்டில் 80 டெமோ நடத்தியது. அதில் 32-இல் முடிவெடுப்பவர் இருந்தார். 36 டெமோக்களுக்கு ஐந்து நாளுக்குள் கொட்டேஷன் போனது. ஜெயித்த டீல்களில் மொத்தமாகக் கொடுத்த டிஸ்கவுண்ட், பட்டியல் விலையில் 18 சதவீதம்.

நோக்கம்: டிஸ்கவுண்ட்டைக் காட்டி இழுக்காமல், முடிவெடுப்பவரிடம் நேரடியாகப் பேசி டீலை ஜெயிப்பது.

முதல் கீ ரிசல்ட்: முடிவெடுப்பவர் கலந்துகொண்ட டெமோக்களின் பங்கை 40 சதவீதத்திலிருந்து 70 ஆக்குவது. இதில் கடினமான சொல் 'முடிவெடுப்பவர்'. விற்பனையாளரே டிக் செய்யும் கட்டமாக வைத்தால், மனத்துக்குத் தோன்றியவர் எல்லாம் முடிவெடுப்பவர் ஆகிவிடுவார். 'ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்' என்று வைத்தால் தோற்ற டீல்களில் அப்படி ஒருவரே இல்லை. அதனால் பதவிப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது: உரிமையாளர், நிதித் தலைவர், கணக்குப் பிரிவின் தலைவர். இவர்களில் ஒருவர் காலண்டர் அழைப்பில் இருந்து, கூட்டத்திலும் இணைந்திருந்தால் மட்டுமே கணக்கில் வரும். பட்டியல் எல்லா நிறுவனத்துக்கும் சரியாகப் பொருந்தாது, ஆனால் இரண்டு பேர் எண்ணினால் ஒரே எண் வரும்.

இரண்டாவது: டெமோ முடிந்து ஐந்து நாளுக்குள் கொட்டேஷன் போனவற்றின் பங்கை 45 சதவீதத்திலிருந்து 80 ஆக்குவது. 'கொட்டேஷன் அனுப்ப ஆகும் சராசரி நாளைக் குறைப்பது' என்றுதான் முதலில் எழுதத் தோன்றும். அந்தச் சராசரியில் கொட்டேஷன் போகாத டெமோக்கள் இடம்பெறவே மாட்டா, ஏனென்றால் அவற்றுக்கு அனுப்பிய தேதியே கிடையாது. தாமதமானவற்றை அனுப்பாமலே விட்டுவிட்டால் சராசரி அழகாகிவிடும். பங்காக எழுதினால் எல்லா டெமோவும் வகுக்கும் எண்ணில் இருக்கும். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: காலாண்டின் கடைசி ஐந்து நாளில் நடக்கும் டெமோக்களை அடுத்த காலாண்டுக் கணக்கில் சேருங்கள், அவற்றுக்கு இன்னும் ஐந்து நாள் ஆகியிருக்காது.

மூன்றாவது: ஜெயித்த டீல்களில் டிஸ்கவுண்ட்டை 18 சதவீதத்திலிருந்து 12-க்குக் குறைப்பது. மொத்த டிஸ்கவுண்ட்டை மொத்தப் பட்டியல் விலையால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு டீலின் சதவீதத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால், சின்ன டீலுக்கும் பெரிய டீலுக்கும் ஒரே எடை வந்துவிடும். மூன்றில் இது மட்டும் தாமதமாகப் பலன் தரும் அளவு. நோக்கத்தில் டிஸ்கவுண்ட் என்று சொல்லிவிட்டு அதை அளக்காமல் விட முடியாது என்பதால் வைத்தேன்.

'வாரத்துக்கு 50 கால்' என்பது கீ ரிசல்ட் ஆகுமா?

அளக்க முடியும், ஆனால் அது வேலை. அந்த வேலையால் வந்த மாற்றம் அதில் இல்லை. 50 கால் பேசி ஒரு டெமோ கூடக் கிடைக்காவிட்டாலும் முழு மதிப்பெண் விழும். அந்தக் கால்கள் எதற்காக என்று கேட்டு, வரும் பதிலை எழுதுங்கள். கால் எண்ணிக்கை வாராந்திரத் திட்டத்தில் இருக்கட்டும்.

எண்ணை ஆட்கள் வளைத்துவிட மாட்டார்களா?

வளைப்பார்கள், பல நேரம் தெரியாமலேயே. வெற்றி விகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தோற்ற 63 டீல்களில் 15-ஐ 'தோற்றது' என்று மூடாமல், 'இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது' என்று திறந்தே வைத்தால் கணக்கு 27-ஐ 75-ஆல் வகுப்பதாக மாறும். விடை 36 சதவீதம். ஒரு டீல் கூடக் கூடுதலாக ஜெயிக்காமல் 35 என்ற இலக்கு தாண்டிவிட்டது. அவர்கள் பொய் சொன்னதாக நினைக்க வேண்டாம். கைவிட மனம் வராத டீலைத் திறந்து வைப்பது விற்பனையாளரின் இயல்பு.

அதனால் வரையறையிலேயே ஒரு விதி சேருங்கள்: வாடிக்கையாளர் பக்கமிருந்து 45 நாள் பதில் இல்லாத டீல், தோற்றதாகவே எண்ணப்படும். 45 என்பது என் உதாரணம். உங்கள் பழைய பதிவில், எத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு டீல் அநேகமாக உயிர்பெறவே இல்லை என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு கீ ரிசல்ட்டையும் எழுதி முடித்ததும், 'வாடிக்கையாளருக்கு ஒரு நன்மையும் செய்யாமல் இந்த எண்ணை எப்படி உயர்த்துவேன்?' என்று குழுவிலேயே கேளுங்கள். விற்பனையாளர்கள் இதற்கு வேகமாகவும் நேர்மையாகவும் பதில் சொல்வார்கள். அந்தப் பதில்தான் நீங்கள் அடைக்க வேண்டிய ஓட்டை.

காலாண்டு முடிவில் மதிப்பெண் எப்படிப் போடுவது?

தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை அளக்க வேண்டும்:

```
(actual - start) / (target - start)
```

முடிவெடுப்பவர் வந்த டெமோக்கள் 61 சதவீதத்தில் நின்றன என்றால், 40-லிருந்து 21 புள்ளி நகர்ந்திருக்கிறோம். போக வேண்டியது 30. மதிப்பெண் 0.7. வெறுமனே 61-ஐ 70-ஆல் வகுத்தால் 0.87 வரும். அந்தக் கணக்கில், ஒரு அடி கூட நகராமல் 40-லேயே நின்ற குழுவுக்கும் 0.57 கிடைத்திருக்கும்.

கூகுளில் எட்டிப்பிடிக்கக் கடினமான இலக்குகளுக்கு 0.6, 0.7 வந்தாலே நல்லது என்று எடுத்துக்கொள்வார்கள். கட்டாயம் செய்தே ஆக வேண்டியவற்றுக்கு 1.0 எதிர்பார்ப்பார்கள். எது எந்த வகை என்பதைக் காலாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மதிப்பெண்ணை இன்சென்டிவோடு இணைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. இன்சென்டிவ் டார்கெட்டோடு இருக்கட்டும். ஓகேஆர் மதிப்பெண்ணில் பணம் தொங்கினால், அடுத்த முறை எல்லோரும் எட்டக்கூடிய இலக்கைத்தான் எழுதுவார்கள். சிஆர்எம் பதிவும் கெடத் தொடங்கும்.

பாதியில் வரையறை தவறு என்று தெரிந்தால் மாற்றலாமா?

மாற்றலாம், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, தொடக்க எண்ணையும் புதிய வரையறையின்படி மறுபடி கணக்கிட வேண்டும். பதவிப் பட்டியலில் 'பொது மேலாளர்' என்று ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். சென்ற காலாண்டின் 32 டெமோ அதனால் 38 ஆகலாம். அப்போது தொடக்கம் 40 சதவீதம் இல்லை, 47.5. அதைத் திருத்தாமல் விட்டால், சும்மா இருந்தபடியே ஏழரைப் புள்ளி முன்னேறியதாக ஏட்டில் இருக்கும்.

இரண்டாவது, மாற்றிய தேதியையும் காரணத்தையும் கீ ரிசல்ட்டுக்குக் கீழே எழுதி, அந்த இரண்டு பேர் சோதனையை மறுபடி நடத்துங்கள். காலாண்டின் கடைசி இரண்டு வாரத்தில் இந்த யோசனை வந்தால் மட்டும் தொடாதீர்கள். பழைய வரையறையிலேயே மதிப்பெண் போட்டுவிட்டு, புதியதை அடுத்த காலாண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.